வைஃபை இருக்கு, நெட் இல்ல

எனக்குக் கோபம் வந்தால் வீட்டைத் துடைப்பேன். சின்னக் கோபம் என்றால் மேஜையோடு நிற்கும், கொஞ்சம் பெரிது என்றால் ஜன்னல் கம்பி வரை போகும். அன்று காலையில் வந்தது நல்ல பெரிய கோபம். அலமாரி, டிவி, டிவிக்கு மேலே சுவரில் அடித்திருந்த பலகை எல்லாவற்றையும் துடைத்துத் தள்ளிவிட்டேன். அந்தப் பலகையில்தான் ரௌட்டர் இருந்தது. அதையும் விடவில்லை. வயர்களை எல்லாம் உருவி, தூசி தட்டி, ஈரத்துணியால் ஒத்தி எடுத்து, மறுபடி சொருகி வைத்தேன். புதுசு மாதிரி பளபளத்தது.

கோபத்துக்குக் காரணம் என் வீட்டுக்காரர். துணிக்கடையில் இருபத்தாறு வருஷம் விற்பனையாளராக இருந்த மனுஷன். ஒரு சட்டை வாங்க வந்தவரை நாலு சட்டையோடு அனுப்பி வைக்கும் வாய். அந்த வாய் ஐந்து மாதமாக மூடிக் கிடக்கிறது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போயின. கால் மெல்லத் தேறிவிட்டது. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது. ஆனால் பதில் மட்டும் வராது. இடது கையில் எழுதச் சொன்னால் கோணல் மாணலாக நாலு கோடு வரும், அதைப் பார்த்து அவருக்கே எரிச்சல் வரும்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு ஆஸ்பத்திரியில் ஏற்பாடு. அது நாலு மணி நேரப் பயணத்தில் இருப்பதால், வாரம் ஒரு நாள் மாலை நாலு மணிக்கு லேப்டாப்பில் வீடியோ வழியாகப் பயிற்சி. மொத்தம் பன்னிரண்டு வாரம். அன்றைக்குப் பன்னிரண்டாவது. போன வாரமே பயிற்சி அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"அடுத்த தடவை பார்த்துட்டு நான் ரிப்போர்ட் எழுதணும்மா. கொஞ்சமாவது முன்னேற்றம் தெரிஞ்சா இன்னும் பன்னிரண்டு வாரம் கேட்டு வாங்கிடுவேன். இல்லன்னா இந்த நேரத்த காத்திருக்கிற வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. வராம மட்டும் இருந்துடாதீங்க. வரலன்னா பேரயே எடுத்துடுவாங்க."

அதனால்தான் காலையில் படம் போட்ட அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, "இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்று உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் உதட்டைக் குவித்தார், விரித்தார், ஒன்றும் வரவில்லை. அட்டைகளை அப்படியே மேஜையிலிருந்து தள்ளிவிட்டார். தரையெல்லாம் குடையும் சாவியும் செருப்பும் படமாகச் சிதறின. நான் துடைக்கக் கிளம்பினேன்.

மதியம் ஒன்றரைக்கு லேப்டாப்பைத் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். வைஃபை சேர்ந்திருந்தது, கோடுகள் முழுசாக நின்றன. அதற்குக் கீழே, 'இணைய வசதி இல்லை' என்று ஒரு வரி. என் போனிலும் அதே கதை. வைஃபை இருக்கிறது, நெட் இல்லை. இது என்ன கூத்து, பைப் இருக்கிறது தண்ணீர் வரவில்லை என்கிற மாதிரி என்று நினைத்தேன்.

உடனே லைன்மேனுக்கு போன் போட்டேன். எங்கள் தெருவுக்கு நெட் இழுத்துக் கொடுத்தவர். ஐம்பது வயசு, பொறுமைசாலி, எப்போதும் ஏதாவது ஒரு கம்பத்தின் மேலேதான் இருப்பார்.

"அண்ணே, நெட் வரல."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா. நான் மேல இருக்கேன், எறங்கிட்டுக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

ரௌட்டரைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு பொடி ஓட்டை, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ரீசெட்' என்று எழுதியிருந்தது. ரீஸ்டார்ட், ரீசெட், ரெண்டும் அக்கா தங்கச்சிதானே என்று நினைத்தேன். புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து ஓட்டைக்குள் விட்டு, இருந்த கோபம் மொத்தத்தையும் சேர்த்து அழுத்தினேன். எல்லா விளக்கும் ஒருசேர அணைந்து, மறுபடி எரிந்தன. ஆகா, வேலை முடிந்தது என்று பார்த்தால் எங்கள் வீட்டு வைஃபை பெயரையே காணோம். அதற்குப் பதிலாக எழுத்தும் எண்ணுமாக என்னமோ ஒரு பெயர் நிற்கிறது.

லைன்மேன் கூப்பிட்டபோது மணி இரண்டே கால். நடந்ததைச் சொன்னேன்.

"அய்யய்யோ! ரீஸ்டார்ட்னா சும்மா சுவிட்ச்ச அணைச்சுப் போடுறதும்மா. நீ பண்ணது ரீசெட். அதுக்குள்ள நான் எழுதி வெச்ச செட்டிங் எல்லாம் அழிஞ்சு போச்சு. இப்ப அதுக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது, அதோட மூளைய..." என்றவர் சட்டென்று நிறுத்திவிட்டார். "சார் எப்படி இருக்காரு?"

"பக்கத்துலதான் இருக்கார். நீங்க சொல்லுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் நடந்த சண்டையின் முறைப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது.

"மொதல்ல சுவத்துல இருக்கற வெள்ளைப் பெட்டியப் பாரும்மா. செவப்பு லைட் ஏதாவது மின்னுதா?"

"இல்ல, எரியறது எல்லாம் பச்சைதான்."

"அப்ப வெளிய லைன் நல்லா இருக்கு. அந்தப் பெட்டிலேர்ந்து ரௌட்டருக்கு ஒரு வயர் வருதில்ல, அது எந்த ஓட்டைல இருக்கு?"

"மஞ்சள்ல."

"மஞ்சள்லயா? நீலத்துல இல்ல இருக்கணும்! யாரு மாத்துனது?"

பக்கத்தில் இருந்தவர் என் கையில் இருந்த துடைக்கிற துணியைப் பார்த்தார். பேச்சு வராதே தவிர, பார்வையில் ஒரு குறையும் இல்லை.

"மஞ்சள் ஓட்டை நாலும் வீட்டுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டருக்கு. நீலம் ஒண்ணுதான் வெளிய இருந்து நெட் உள்ள வர்ற வழி. நீ வழிய மாத்திச் சொருகிட்ட. அதான் வைஃபை வந்தும் நெட் இல்ல. மொதல்லயே இத மட்டும் மாத்தியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

அதாவது முதல் தப்பு துடைத்ததில், இரண்டாவது தப்பு ஊக்கால் குத்தியதில். இரண்டுக்கும் சொந்தக்காரி நான்தான். வயரை நீலத்துக்கு மாற்றினேன். ரௌட்டரில் பூமி உருண்டை மாதிரி ஒரு விளக்கு, அதுவரை அணைந்து கிடந்தது, ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

"ஆரஞ்சுன்னா கதவு வரைக்கும் வந்தாச்சு, உள்ள விடலன்னு அர்த்தம். பச்சை வந்தாதான் நெட்டு. இப்ப நான் சொல்றபடி செய்."

மனுஷன் கம்பத்தடியில் நின்றுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். ரௌட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டில் புது வைஃபை பெயரும் அதன் பாஸ்வேர்டும் இருந்தன. அதை வைத்து லேப்டாப்பைச் சேர்த்தேன். பிறகு இணையதள முகவரி போடும் இடத்தில், அதே சீட்டில் இருந்த எண்களைப் புள்ளி வைத்து அடித்தேன். ரௌட்டரின் சொந்தப் பக்கம் திறந்தது. நெட் இல்லாமலே ஒரு பக்கம் திறக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். உள்ளே போய், கம்பெனி கொடுத்த யூசர்நேமைப் பழைய பில்லைப் பார்த்துப் போட்டேன். அடுத்த கட்டம் பாஸ்வேர்டு.

"எங்க வைஃபை பாஸ்வேர்டுதானே? அது எனக்குத் தெரியுமே."

"அது இல்லம்மா. அது உன் போன் ரௌட்டருக்குச் சொல்றது. இது உன் ரௌட்டர் எங்க கம்பெனிக்குச் சொல்றது. சார்தான் கனெக்‌ஷன் குடுத்த அன்னிக்கே அவரே மாத்திக்கிட்டாரு. எங்கிட்ட கூடக் காட்டல. கையால மறைச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே அடிச்சாரு."

"நீங்க ஆபீஸ்ல சொல்லி மாத்திக் குடுங்களேன்."

"மாத்தலாம். ஆனா ஓடிபி சார் பழைய நம்பருக்குத்தான் போகும்."

அந்த போன், என் வீட்டுக்காரர் கடையில் மயங்கி விழுந்த அன்றே தொலைந்தது. நம்பரும் போய்விட்டது.

"அந்த நம்பர் இல்லன்னா அடையாள அட்டையோட யாராவது ஆபீசுக்கு நேர்ல வரணும். போக வர ஒன்றரை மணி நேரம் ஆகும்மா. இப்பவே மணி மூணாகப் போகுது."

"நாலு மணிக்கு அவருக்குப் பயிற்சிண்ணே. இன்னிக்குப் போகலன்னா பேர எடுத்துடுவாங்க."

"போன்ல இருக்கற டேட்டாவ வெச்சு..."

"அத ஒரு தடவ பண்ணிப் பார்த்தாச்சு. சுத்திப் பெரிய பெரிய கட்டடம், கீழ் வீடு, ஒரே ஒரு கோடுதான் வரும். அந்தம்மா வாயத் திறந்தபடி அப்படியே நின்னுட்டாங்க. உதட்டப் பார்த்துத்தான் இவர் கத்துக்கணும். உதடே அசையலன்னா என்னத்தக் கத்துக்கறது?"

லைன்மேன் பெருமூச்சு விட்டார். "சரி, டைரி கியரி ஏதாவது இருந்தா தேடிப் பாரு. எட்டு எழுத்துக்குக் குறையாது, அது கம்பெனி ரூல். நான் லைன்லயே இருக்கேன்."

வீட்டுக்காரருடைய பையைக் கொட்டினேன். டைரியில் கடை முதலாளி நம்பர், பல் டாக்டர் நம்பர், தையல்காரர் மூன்று பேர் நம்பர். பாஸ்வேர்டு மட்டும் இல்லை. சரி, ஊகிப்போம் என்று உட்கார்ந்தேன். மகள் பெயரையும் அவள் பிறந்த வருஷத்தையும் போட்டேன். ஆரஞ்சு. கடைப் பெயரைப் போட்டேன். ஆரஞ்சு. எங்கள் கல்யாணத் தேதியைப் போடும்போதே எனக்குத் தெரியும், அதை ஞாபகம் வைத்திருக்கிற ஆள் இல்லை என்று. ஆரஞ்சுதான். ஒவ்வொரு தடவையும் திரையில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்கிற அர்த்தத்தில் ஒரே ஆங்கில வரி வந்து நின்றது.

அவர் இடது கையை நீட்டி லேப்டாப்பைத் தட்டினார். எதையோ சொல்லப் பார்க்கிறார் என்று புரிந்தது. கீபோர்டை அவர் பக்கம் திருப்பினேன். விரலை எழுத்துகளுக்கு மேலே கொண்டுபோய் அலையவிட்டார். ஒரு எழுத்தைத் தொட்டார், தலையை ஆட்டினார், அடுத்ததைத் தொட்டார், அதற்கும் தலையை ஆட்டினார். எழுத்துகள் அவருக்குக் கலங்கித் தெரிகின்றன என்று பயிற்சி அம்மா முன்பே சொல்லியிருந்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மணி மூன்றரை. அப்புறம் மூன்றே முக்கால்.

அந்த நேரத்தில் எனக்கு வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது. பயம்தான், கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. ஐந்து மாதம் பார்த்துப் பார்த்துச் சோறு ஊட்டி, மாத்திரை கொடுத்து, உதட்டைப் பிடித்துக் குவித்து வைத்து, கடைசியில் ஒரு ஊக்கால் எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேனே என்ற பயம். அதை யார் மேல் கொட்டுவது? எதிரில் இருந்தவர் மேல் கொட்டினேன்.

"அப்படி என்னதான் பாஸ்வேர்டு வெச்சீங்க? கட்டின பொண்டாட்டிக்குக் கூடச் சொல்லக் கூடாத ரகசியமா அது? சொல்லித் தொலைங்களேன்! வாயத் திறந்து ஒரு தடவ சொல்லித் தொலைங்களேன்!"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பேச்சு வராதவரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது?

அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு குவிந்தது.

"போடி."

தெளிவாக, திருத்தமாக, ஒரு பிசிறும் இல்லாமல்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவரும் தன் வாயை யாரோ திறந்துவிட்ட மாதிரி திகைத்துப் போய் இடது கையால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். போனிலிருந்து லைன்மேன் கத்தினார்.

"யாரும்மா அது? சாரா? சார் பேசுறாரா?"

"ஆமாண்ணே! என்னத் திட்டுறார்ண்ணே!" என்று நான் அழுதுகொண்டே சிரித்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் என்னைத் திட்டியதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ திட்டுங்க, ஒரே ஒரு தடவ" என்று கெஞ்சினேன். லேப்டாப்பும் நாலு மணியும் எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தன.

ஆனால் அவருக்கு மறக்கவில்லை. தலையை வேகமாக ஆட்டிக்கொண்டு, என் கையைத் தட்டிவிட்டு, லேப்டாப் திரையில் இருந்த அந்தக் காலிக் கட்டத்தை விரலால் குத்தினார்.

"போடி" என்றார். மறுபடி குத்தினார். "போடி. போடி."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கனெக்‌ஷன் வாங்கிய அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன்: "நெட்டுக்கு என்ன பாஸ்வேர்டு வெச்சீங்க?" சோற்றைப் பிசைந்துகொண்டே, "போடி போடி" என்றார். வாயெல்லாம் சிரிப்பு. ஒரு மரியாதைக்குக் கேட்டால் இப்படியா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாள் பேசவில்லை. வீட்டில் ஒரு ஜன்னல் கம்பி பாக்கி இல்லாமல் துடைத்தேன். அவர் அன்றைக்கு என்னைத் திட்டவே இல்லை. கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார், பாவி மனுஷன்!

"அண்ணே, பாஸ்வேர்டே அதுதாண்ணே! போடி!"

"என்னம்மா, என்னப் போடிங்கற?"

"உங்கள இல்லண்ணே, பாஸ்வேர்டு! பி, ஓ, டி, ஐ!"

"நாலு எழுத்துதானே வருது. எட்டு வேணுமே."

"ரெண்டு தடவண்ணே. போடி போடி. நாலும் நாலும் எட்டு!"

லைன்மேன் கம்பத்தடியில் நின்று சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "எடம் விடாம அடி, எல்லாம் சின்ன எழுத்து. அடிச்சுட்டு சேவ் பண்ணு" என்றார்.

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அவசரத்தில் 'டி'க்குப் பதிலாக ஒரு தடவை பக்கத்து எழுத்தில் பட்டுவிட்டது. அழித்து, மறுபடி அடித்து, சேவ் கொடுத்தேன். ரௌட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. ஆரஞ்சு அணைந்தது. மூச்சு விடாமல் இரண்டு பேரும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை எரிந்தது. மணி மூன்று ஐம்பத்தாறு.

"வந்துருச்சுண்ணே!"

"சந்தோஷம்மா. சார், கேக்குதா சார்? மத்தவங்க எல்லாம் பிறந்த தேதிய வெப்பாங்க, நீங்க வீட்டுல திட்டுறத வெச்சிருக்கீங்களே சார்!" என்று சொல்லிவிட்டு லைன்மேன் போனை வைத்தார். என் வீட்டுக்காரர் தோள் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தார்.

நாலு மணிக்குத் திரையில் பயிற்சி அம்மா வந்தார். சின்ன வயசுப் பெண்தான், கண்ணாடி போட்டுக்கொண்டு, எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வருவார். வழக்கம்போல, "இந்த வாரம் எப்படிப் போச்சும்மா?" என்று கேட்டார். நான் ஊக்கில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். சிரித்துவிடுவாரோ என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார். ஆனால் உடனே நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மளமளவென்று எழுத ஆரம்பித்தார்.

"இது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம்மா. யோசிச்சுச் சொல்ற பேச்சு வேற, பழக்கத்துல தானா வர்ற பேச்சு வேற. திட்டுறது, பாடுறது, ஒண்ணு ரெண்டு எண்ணுறது இதெல்லாம் பல பேருக்கு மொதல்ல திரும்பி வரும். ஆனா இவர் அதோட நிக்கல. கேட்ட கேள்விக்குப் பதிலா அதே வார்த்தைய வேணும்னு திருப்பிச் சொல்லியிருக்கார். கட்டத்தக் காட்டிச் சொல்லியிருக்கார். அது யோசிச்சுப் பேசுனது. இன்னும் பன்னிரண்டு வாரத்துக்கு நான் இன்னிக்கே எழுதிடுறேன்."

எனக்குக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்.

"சரி சார், வந்த வார்த்தையில இருந்தே ஆரம்பிக்கலாம். இன்னிக்கு அட்டை எல்லாம் வேண்டாம்" என்று பயிற்சி அம்மா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். "நல்லா என் உதட்டப் பாருங்க. நீங்க சொன்ன அதே ராகம்தான். மொத எழுத்து மட்டும் வேற. கீழ் உதட்டப் பல்லால லேசா தொடணும். வா... டி."

என் வீட்டுக்காரர் பார்த்தார். முயன்றார். "போ" என்று வந்தது. தலையை ஆட்டி அதை நிறுத்தினார். மறுபடி உதட்டைக் கடித்தார். வெறும் காற்று வந்தது.

நான் அந்த நேரம் பலகையின் பக்கத்தில் நின்றிருந்தேன். பச்சை விளக்கு அணைந்துவிடுமோ என்று பயந்து, அதையே காவல் காத்துக்கொண்டு நின்றேன். வயர் மேல் காற்றுகூடப் படக்கூடாது என்று ஃபேனையும் அணைத்திருந்தேன்.

"என்னப் பார்த்துச் சொல்ல வேண்டாம் சார்" என்றார் பயிற்சி அம்மா. "யாருகிட்ட சொல்லணுமோ அவங்களப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் மெல்லத் திரும்பினார். என்னைப் பார்த்தார். காலையில் அட்டைகளைத் தள்ளிவிட்ட முகம் இல்லை அது, கடையில் கடைசி வாடிக்கையாளரையும் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வருகிற முகம். கீழ் உதட்டைப் பல்லில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். அப்புறம் வந்தது, உடைந்து, இழுத்து, ஆனால் வந்தது.

"வா... டி."

பச்சை விளக்கை அதன் பாட்டுக்கு எரியவிட்டுவிட்டு, நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.